வெள்ள நேரத்து ஸ்லைடு: அனுப்பும் முன் எதை, எந்த வரிசையில் சரிபார்ப்பது?

ஆடிப் பதினெட்டு நெருங்குது. மேட்டூர் நிரம்பிவிட்டது என்று காலையிலேயே செய்தி. பவானியில் உங்கள் வீதி வாட்ஸ்அப் குழுவில் "யாராச்சும் ஒரு ஸ்லைடு போட்டு விடுங்க, எல்லாருக்கும் அனுப்பிடலாம்" என்று ஒருவர் கேட்கிறார். போனில் டிசைன் பண்ணத் தெரிந்தவர் நீங்கள்தான். பத்து நிமிடத்தில் நாலு ஸ்லைடு தயார். அனுப்பு பொத்தான் மேல் விரல் இருக்கிறது. அதை அழுத்தும் முன் செய்ய வேண்டியதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் நாலு ஸ்லைடை வரிசையாகப் போடுவீர்கள். ஆனால் போய்ச் சேரும்போது அவை நாலாக இருப்பதில்லை. மூன்றாவது மட்டும் ஒருவருக்குப் பிடித்துப்போய், அதை மட்டும் தன் சொந்தக்காரர்கள் குழுவுக்குத் தள்ளிவிடுவார். முதல் ஸ்லைடில் தேதி போட்டிருக்கிறோமே என்பது அங்கே உதவாது. அதனால் சரிபார்ப்பதும் ஒவ்வொரு ஸ்லைடாகத்தான். "இந்த ஒரு படம் மட்டும் ஒருவர் கையில் கிடைத்தால், எந்த ஊர், எந்த நாள், யார் சொன்ன தகவல் என்று அவருக்குத் தெரியுமா?" என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள்.

பவானிக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இந்த ஊருக்கு இரண்டு பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. மேட்டூர் அணையில் திறக்கும் நீர் காவிரி வழியாக வருகிறது. பவானிசாகர் அணையில் திறக்கும் நீர் சத்தியமங்கலம், கோபி பக்கமாகப் பவானி ஆற்றில் வந்து, சங்கமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. 2018 ஆகஸ்ட்டிலும் 2022 ஆகஸ்ட்டிலும் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது, கரையோரத்தில் இருந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்படி ஒரு நாளில் ஒரு சைபர் குறைந்தாலும் ஒரு ஊர்ப்பெயர் மாறினாலும் ஆள் கிளம்புவதா, இருப்பதா என்பதே மாறிவிடும்.

கீழே இருப்பது எடுத்துக்காட்டுக்காக நாமே எழுதிய ஸ்லைடு. பிழைகள் வேண்டுமென்றே வைத்தவை. ஆனால் ஒவ்வொன்றும் குழுக்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய வகைதான்.

வெல்ல எச்சரிக்கை!
பவானி அணை நீர்மட்டம் 120 அடி
12,0000 கன அடி நீர்
ஆகஸ்ட் 3, சனிக்கிழமை
கூடுதுறையில் குளிக்க இரங்க வேண்டாம்
உதவிக்கு: 04256-1077

வேகமாகப் படித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிற மாதிரி தெரியும். காரணம், நாமே எழுதியதை நாம் படிப்பதில்லை. எழுத நினைத்ததைத்தான் படிக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் கண் ஏமாந்துபோகும். ஒரு தடவை பெயர் மட்டும், ஒரு தடவை எண் மட்டும், ஒரு தடவை எழுத்து மட்டும், கடைசியாக அமைப்பு என்று நாலு சுற்று போங்கள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு சுற்று அரை நிமிடம்கூட ஆகாது.

பெயரில் தொடங்குங்கள்

பெயர் தப்பாக இருந்தால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை. நம் ஊரில் "பவானி" என்ற சொல்லே ஒரு கண்ணி. அது ஊரின் பெயர், வட்டத்தின் பெயர், ஆற்றின் பெயர். பவானிசாகர் என்பது அணையும் அதை ஒட்டிய ஊரும். பவானி நகரத்திலிருந்து அது வெகு தொலைவு. "பவானியில் வெள்ளம்" என்று போட்டால் சத்தியமங்கலத்துக்காரர் ஆறு என்று நினைப்பார், ஈரோட்டுக்காரர் ஊர் என்று நினைப்பார். எனவே வெறும் "பவானி" எங்கே வந்தாலும் பக்கத்தில் ஒரு சொல் சேருங்கள்: பவானி நகரம், பவானி ஆறு, பவானி வட்டம்.

நம் ஸ்லைடில் "பவானி அணை" என்று இருக்கிறது. அப்படி எழுதியவர் எதை நினைத்தார்? 120 அடி என்பதைப் பார்த்து ஒருவர் சொல்வார், "பவானிசாகர் 105 அடிதானுங்களே, அப்ப இது மேட்டூர்தான்" என்று. நியாயமான ஊகம்தான். மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. ஆனால் பவானிசாகரையும் 120 அடி என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் சேறு சகதிக்கு 15 அடி கழித்துத்தான் 105 அடி என்று செய்திகளில் வருகிறது. ஆக, ஊகத்தை வைத்துப் பெயரைத் திருத்த முடியாது. தகவல் வந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பிழை திருத்துகிறவர் செய்யக்கூடாத ஒரே காரியம், சந்தேகமான இடத்தில் தனக்குத் தோன்றியதை எழுதிவைப்பதுதான்.

எங்கே போய்ப் பார்ப்பது? மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு, erode.nic.in தளம், பேரிடர் எச்சரிக்கைக்கான TN-Alert செயலி, இவற்றில் ஏதாவது ஒன்று. உங்களுக்கு வந்த இன்னொரு ஃபார்வர்டு மூலமாகாது. அது பத்துப் பேரிடமிருந்து வந்திருந்தாலும் சரி.

ஆற்றுக்கு எதிர்க்கரையையும் மறக்காதீர்கள். பாலத்தைத் தாண்டினால் குமாரபாளையம். அது நாமக்கல் மாவட்டம். இரண்டு ஊரையும் ஒரே ஸ்லைடில் போட்டு, கீழே ஈரோடு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணை மட்டும் கொடுத்தால் எதிர்க்கரைக்காரர் தப்பான அலுவலகத்தைக் கூப்பிடுவார். ஊர் இரண்டு மாவட்டத்தில் இருந்தால் ஸ்லைடும் இரண்டாகப் பிரிவதே நல்லது.

ஆங்கிலத்திலும் பெயர் போடுகிறீர்களா? Bhavani என்பதை Bavani என்று ஒரு ஸ்லைடிலும் Bhavani என்று அடுத்ததிலும் போடாதீர்கள். தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு ஒரு அரசாணைப் பட்டியல் வெளியானது. அடுத்த சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பட்டியலின் படங்கள் இன்னும் சிலர் போனில் இருக்கின்றன. அதைப் பார்த்து எழுதாமல், வரைபடத்திலும் அரசுத் தளத்திலும் இப்போது இருக்கிற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் ஒருவர் அந்தப் பெயரைத்தான் மேப்பில் தட்டித் தேடுவார்.

எண்: ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி

இதுதான் அதிக நேரம் எடுக்க வேண்டிய சுற்று. "12,0000 கன அடி" என்ற எண்ணைப் பாருங்கள். இது 12,000 ஆக இருக்கலாம், கூடுதலாக ஒரு சைபர் விழுந்திருக்கலாம். 1,20,000 ஆகவும் இருக்கலாம், காற்புள்ளி இடம் மாறியிருக்கலாம். ஒன்று சாதாரண நாள். மற்றொன்று கரையோரத்தார் மூட்டை கட்ட வேண்டிய நாள். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்! எழுதியவரைத் தவிர யாருக்கும் எது சரி என்று தெரியாது, எழுதியவருக்கும் மறந்திருக்கலாம்.

இந்த மாதிரி எண்ணுக்கு எளிய காப்பு, அதை இரண்டு விதமாக எழுதுவது: "விநாடிக்கு 1,20,000 (1 லட்சத்து 20 ஆயிரம்) கன அடி". எண்ணும் எழுத்தும் பொருந்தாவிட்டால் படிக்கிறவருக்கே சந்தேகம் வரும். "1.20 லட்சம்" என்று மட்டும் எழுதினால், படம் சுருங்கும்போது அந்தப் புள்ளி காணாமல் போய் 120 லட்சம் ஆகிவிடும்.

அடுத்த கேள்வி, அலகு. அணைச் செய்தியில் மூன்று அலகுகள் வரும். "அடி" என்பது தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது. "டி.எம்.சி." என்பது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது, ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி. "விநாடிக்கு கன அடி" என்பது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது. இதில் "விநாடிக்கு" என்ற சொல் ஸ்லைடில் இடம் போதாமல் அடிக்கடி விழுந்துவிடும். அது விழுந்தால் எண்ணுக்கே அர்த்தம் இல்லை. விநாடிக்கு 1 லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்கப் போனால் 8.64 டி.எம்.சி. ஆகும். வெறும் 1 லட்சம் கன அடி என்றால் ஒரு விநாடியில் கடந்துவிடுகிற தண்ணீர்தான்.

மூன்றாவது, வருவதா, போவதா? அணைக்கு வருவது நீர்வரத்து; அணையிலிருந்து திறப்பது வெளியேற்றம். பவானியில் இருப்பவருக்கு வேண்டியது வெளியேற்றம். அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். அவசரத்தில் மேல் வரியை எடுத்துப் போடுவது சகஜம். நம் எடுத்துக்காட்டில் "கன அடி நீர்" என்று மட்டும் இருக்கிறது. வருகிறதா, போகிறதா, ஆவியாகிறதா என்று அந்த ஸ்லைடுக்கே தெரியவில்லை.

நாலாவது, எப்போது? வெள்ள எண்ணுக்கு மணி நேரம்தான் ஆயுள். "காலை 8 மணி நிலவரம்" என்று போடாவிட்டால் அதே ஸ்லைடு நாளை இரவும் சுற்றிக்கொண்டிருக்கும். தேதியோடு ஆண்டும் கட்டாயம். நம் ஸ்லைடில் "ஆகஸ்ட் 3, சனிக்கிழமை" என்று இருக்கிறதல்லவா? நீங்கள் இதை 2025-இல் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 ஞாயிறு. சனிக்கிழமையாக இருந்தது 2024-இல். அப்படியென்றால் யாரோ போன வருஷ ஸ்லைடைத் திறந்து, மேலே இரண்டு வரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கிழமையும் தேதியும் பொருந்தாத ஸ்லைடு கையில் வந்தால் அதில் மற்ற எண்களும் பழசாக இருக்கலாம். முழுவதையும் மறுபடி மூலத்தோடு ஒப்பிடுங்கள். போன் காலண்டரைத் திறந்து கிழமை பார்ப்பது ஐந்து விநாடி வேலை. பழைய ஸ்லைடைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

தொலைபேசி எண்ணுக்கு வருவோம். 04256 என்பது பவானி நகரத்தின் எஸ்.டி.டி. குறியீடு. 1077 என்பது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண். அந்த அறை இருப்பது ஈரோட்டில், அங்கே குறியீடு 0424. மாவட்டத்துக்குள் 1077, வெளியூர்ப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்காகக் கூப்பிடுவதாக இருந்தால் 0424 சேர்த்து. இரண்டையும் ஒட்டிப்போட்டு 04256-1077 என்று எழுதினால் யாருக்கும் உதவாது. மாநில அளவிலான கட்டுப்பாட்டு அறை எண் 1070. இந்த 1077, 1070 இரண்டும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். எண்ணுக்குப் பக்கத்தில் எது மாவட்டம், எது மாநிலம் என்று எழுதிவிடுங்கள்.

பத்து இலக்க எண்களை நீங்களே பார்த்துப் பார்த்து ஒப்பிடாதீர்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, ஸ்லைடில் இருக்கிற எண்ணை அவர் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கட்டும். நீங்கள் மூலத்தில் விரல் வைத்துத் தொடருங்கள். பின்னோக்கி வாசிக்கும்போது மனப்பாடம் வேலை செய்யாது, கண்தான் வேலை செய்யும். தன்னார்வலர் எண்ணாக இருந்தால் ஸ்லைடில் இருப்பதைப் பார்த்து ஒரு தடவை டயல் பண்ணிப் பாருங்கள். அவசர எண்களை மட்டும் சோதனைக்காக அழைக்க வேண்டாம். அந்த நேரத்தில் லைன் வேறொருவருக்கு வேண்டியிருக்கும்.

எழுத்து

"வெல்ல எச்சரிக்கை" என்றால் கவுந்தப்பாடி வெல்ல மண்டியில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நம்மூர்க்காரர் நினைப்பார். சிரிப்பு வந்தாலும், அந்தச் சிரிப்பிலேயே எச்சரிக்கை போய்விடும். "குளிக்க இரங்க வேண்டாம்" என்றால் பரிதாபப்பட வேண்டாம் என்று பொருள். இறங்க என்பதில் வல்லின ற. இந்த ல-ள-ழ, ர-ற, ந-ன-ண பிழைகளைப் போனின் எழுத்துத் திருத்தி பிடிக்காது. வெல்லமும் சரியான சொல், இரங்கவும் சரியான சொல். அதற்கு இரண்டும் ஒன்றுதான். குரல் வழித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது இன்னும் கூடும், ஏனென்றால் நாம் பேசும்போதே ழ-வும் ள-வும் கலந்துவிடுகிறது. ஸ்லைடில் இந்த எழுத்துகள் வருகிற சொற்களை மட்டும் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றாக நிறுத்திப் படியுங்கள். கரை, கறை; அரை, அறை; பட்டறை என்பதில் ற. கந்தன்பட்டறைக்காரர் தன் பகுதிப் பெயர் தப்பாக இருப்பதைப் பார்த்தால் மிச்சத்தையும் நம்பமாட்டார்.

கண்ணுக்கே தெரியாத பிழையும் ஒன்று உண்டு. துணைக்கால் "ா"-வும் ரகரமும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "பவானி" என்பதில் துணைக்காலுக்குப் பதில் ர தட்டினால் "பவரனி" என்று ஆகும். சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஔ எழுத்துக்கு ஒ, ள இரண்டையும் தட்டுவதும் இப்படித்தான். படத்தில் பார்ப்பவருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கூடவே போடுகிற குறிப்பு வரியில் இப்படி இருந்தால் தேடலில் கிடைக்காது. கண் பார்வை இல்லாதவர் போனில் வாசிக்கவைத்துக் கேட்டால் "பவரனி" என்றே ஒலிக்கும். அதுவே சோதனையும்கூட: எழுத்தைப் போனின் வாசிப்பு வசதியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காது உடனே பிடித்துவிடும்.

பழைய ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறீர்களா? யுனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அது தெரிந்துவிடும், பரவாயில்லை. பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒட்டும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு பிரிந்து முன்னும் பின்னும் போவதும், எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் தோன்றுவதும்தான் நழுவிப்போகும். அந்த மாதிரி வரியைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள்.

அமைப்பு: வேண்டாம் என்பது தெரிகிறதா?

நம் ஸ்லைடின் முக்கியமான வரி "குளிக்க இறங்க வேண்டாம்". தமிழில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. அந்தக் கடைசிச் சொல் அடுத்த வரிக்குப் போய், அந்த வரி படத்தின் அடிப்பகுதியில் இருந்து, ஸ்டேட்டஸில் வைக்கும்போது பதில் எழுதும் பட்டை அதை மூடிவிட்டால் மிச்சம் இருப்பது "கூடுதுறையில் குளிக்க இறங்க". அழைப்பிதழ் ஆகிவிடும்! எனவே "வேண்டாம்", "கூடாது", "இல்லை" இந்தச் சொற்கள் தனக்கு முன் இருக்கிற வினைச்சொல்லோடு ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்குவதைவிட வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம்: "குளிக்கத் தடை: கூடுதுறை".

எண்ணும் அலகும் பிரியக் கூடாது. "1,20,000" ஒரு வரியிலும் "கன அடி" மறு வரியிலும் இருந்தால் கண் வெறும் எண்ணோடு நின்றுவிடும். தொலைபேசி எண் நடுவில் உடைவது இன்னும் மோசம்.

ஸ்டேட்டஸுக்கான நெட்டைப் படம் 1080-க்கு 1920 பிக்சல். அதில் மேலேயும் கீழேயும் சுமார் 250 பிக்சலுக்கு எதையும் எழுதாமல் விடுங்கள். பெயர், பதில் பட்டை எல்லாம் அங்கேதான் உட்காரும். தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் இரு பக்கமும் சமமாக நீட்டி நிரப்பும் அமைப்பு ஒத்துவராது. சொற்களுக்கு நடுவில் பள்ளம் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். வரி இடைவெளியை ரொம்ப நெருக்கினால் மேல் வரியின் உகரக் கால் கீழே இடித்து, கீழ் வரியின் மெய்ப்புள்ளியை விழுங்கிவிடும். கி-யா கீ-யா என்று தெரியாமல் போவதும் அதனால்தான்.

இந்தச் சுற்றை டிசைன் செய்கிற திரையில் செய்தால் பயனில்லை. உங்கள் போனில் இருக்கிற எழுத்துரு கோப்பைத் திறக்கிற மற்றவர் போனில் இருக்காது. அங்கே வேறு எழுத்துரு வந்து வரி எல்லாம் தள்ளிப்போகும். அதனால் படமாகச் சேமியுங்கள். சேமித்த படத்தை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, சுருங்கி வந்ததைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா? பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து, "இது என்ன சொல்லுதுங்க?" என்று கேளுங்கள். அவர் முதலில் சொல்வது எந்த ஊர், என்ன செய்ய வேண்டும் என்பதாக இருந்தால் சரி. "ஏதோ தண்ணி வருதாமா" என்றால் ஸ்லைடு இன்னும் முடியவில்லை.

நாலு சுற்றும் முடிந்தபின் நம் எடுத்துக்காட்டு இப்படி ஆகும். அணை மேட்டூர்தான், எண் 1,20,000-தான் என்று மூலத்தில் பார்த்து உறுதி செய்ததாக வைத்துக்கொள்வோம்.

வெள்ள எச்சரிக்கை: பவானி நகரம், காவிரிக் கரை
மேட்டூர் அணையிலிருந்து வெளியேற்றம்:
விநாடிக்கு 1,20,000 (1 லட்சத்து 20 ஆயிரம்) கன அடி
ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு, காலை 8 மணி நிலவரம்
குளிக்கத் தடை: கூடுதுறை
மாவட்ட உதவி எண்: 1077 (வெளியூரிலிருந்து 0424-1077)
தகவல்: மாவட்ட நிர்வாக அறிவிப்பு

அணையின் நீர்மட்டம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். எடுத்துவிட்டோம். கரையோரத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை 120 அடி மாற்றப்போவதில்லை. குழப்பத்தை மட்டும்தான் கூட்டியது.

இவ்வளவு பார்த்தும் ஒரு பிழை போய்விட்டது என்றால்? குழுவில் "எல்லோருக்கும் நீக்கு" கொடுத்தால் அங்கே இருப்பது மட்டும் போகும். அதற்குள் ஃபார்வர்டு ஆனவை போகாது. எனவே புது ஸ்லைடு ஒன்று போடுங்கள். மேலே "திருத்தம்" என்றும் மணியும் பெரிதாக இருக்கட்டும். எது தப்பு என்பதை விளக்கப் பழைய எண்ணை மறுபடி அச்சிடாதீர்கள். சரியான எண் மட்டும். பழையதை யாருக்கெல்லாம் நேரடியாக அனுப்பினீர்களோ அவர்களுக்கு முதலில் அனுப்பிவிட்டு, பிறகு குழுவில் போடுங்கள்.